200 லெட்டர் போட்டு 9 பேர்தான் குடுத்தாங்கன்னா லெட்டர்ல எங்க ஓட்டை?

கேள்வி: தாராவில ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் 64 பசங்க படிக்கிற சின்ன டிரஸ்ட் ஸ்கூல் நடத்துறோம். போன டிசம்பர்ல மாட்டுங்கா, சயன், செம்பூர்ல இருக்கிற 200 தமிழ்க் குடும்பங்களுக்கு டொனேஷன் லெட்டர் போட்டோம். 9 பேர் சேர்ந்து 21,500 ரூபாய் குடுத்தாங்க, அதுல ஒருத்தர் ரசீது விஷயத்துல சண்டை வேற. வருஷத்துக்கு 1,92,000 பத்தல. ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள இன்னொரு லெட்டர் போடணும். எப்படி எழுதணும்?

பதில்:

நீங்க அனுப்பின பழைய லெட்டர், செலவுக் கணக்கு, கூட உங்க மூணாங்கிளாஸ் டீச்சர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் பாத்தேன், கேட்டேன். நான் செம்பூர்ல இருக்கேன், பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனதுல இருந்து ரெண்டு மூணு டிரஸ்டுக்கு இந்த லெட்டர் வேலைதான் பாக்கறேன். அதனால உங்க லெட்டர் எங்க வழுக்குதுன்னு படிக்கும்போதே தெரிஞ்சுது. முதல் பாரால டிரஸ்ட் எந்த வருஷம் ஆரம்பிச்சுது, ரெண்டாவதுல கல்வி எவ்வளவு உயர்ந்தது, மூணாவதுல 64 பசங்க, 4 டீச்சர், 2 ரூம், நாலாவதுல 1,92,000 ரூபாய் பற்றாக்குறை, கடைசில "தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்". இதைப் படிக்கிற மாமிக்கு ரெண்டு விஷயம் தெரியாது. நான் எவ்வளவு குடுக்கணும்? குடுத்தா என்ன ஆகும்? 1,92,000ன்னு பாத்ததும், அது நம்ம கைல ஆகற காரியம் இல்ல, யாராவது பெரிய கம்பெனி பாத்துப்பாங்கன்னு கவரை டிவி மேல வெச்சுடுவாங்க, அடுத்த பேப்பர்காரன் வரும்போது அது பழைய பேப்பரோட போயிடும்.

1,92,000ஐ முதல்ல உடைங்க. உங்க கணக்குப்படி ரெண்டாவது டீச்சருக்கு மாசம் 12,000, பத்து மாசத்துக்கு 1,20,000. ரூம் வாடகைல மாசம் 2,400 துண்டு விழுது, அது 24,000. மிச்சம் 48,000 பசங்களுக்கு நோட்டு, ரெயின்கோட் வகையறா. இந்த மூணும் மூணு விதமான பணம், ஒரே லெட்டர்ல மூணையும் கேக்கக் கூடாது. வாடகை லெட்டர்ல வரவே வேண்டாம், வாடகைக்குக் குடுக்கறோம்னு யாருக்கும் மனசு நிறையாது. அதை உங்க டிரஸ்டி ஒருத்தர் நல்லா தெரிஞ்ச ஒரு கடைக்காரர், ஒரு வியாபாரி முன்னாடி நேர்ல உக்காந்து கேக்கணும், மாசம் 2,400ங்கறது ஒரு கடைக்கு முடியற தொகை. டீச்சர் சம்பளம் மாசா மாசம் வர்ற செலவு, அதுக்கு மாசா மாசம் 500 போடற ஆள்தான் வேணும், முன்ன பின்ன தெரியாத குடும்பம் ஒரு லெட்டரைப் பாத்து அதுக்கு ஒத்துக்காது. ஒரு தடவை குடுத்து, அந்தப் பணம் போன இடம் தெரிஞ்சவங்கதான் ஒத்துப்பாங்க. அதை தீபாவளி சமயத்துக்கு வெச்சுக்குங்க. ஜூன் லெட்டருக்குப் பொருத்தமானது 48,000 மட்டும். 64 பசங்கன்னா ஆளுக்கு 750.

இந்த 750 எப்படி வந்துதுன்னு உங்க கணக்குலயே இருக்கு. லாங் நோட்டு 10, ஹோல்சேல்ல 38 ரூபாய்னா 380. ரெயின்கோட் 250. ஸ்கூல் பைக்கு மேல போடற பிளாஸ்டிக் கவர் 60. பென்சில், ரப்பர், ஷார்ப்னர், ஸ்கேல் சேத்து 60. இதை அப்படியே லெட்டர்ல போடுங்க. விலை மட்டும் இந்த வருஷத்து கொட்டேஷனா இருக்கட்டும், அப்துல் ரெஹ்மான் ஸ்ட்ரீட் ஹோல்சேல் கடை ரெண்டுல வாங்கி ஃபைல்ல வெச்சுக்குங்க. யாராவது "ரெயின்கோட் 250ஆ, டி-மார்ட்ல இவ்வளவுதானே"ன்னு கேப்பாங்க, மும்பைல கேக்காம இருக்க மாட்டாங்க, அப்போ பேப்பரைக் காட்டலாம்.

அடுத்து லெட்டர் எதுல ஆரம்பிக்கணும். உங்க டீச்சர் வாய்ஸ் மெசேஜ்ல போற போக்குல ஒரு விஷயம் சொன்னாங்க பாருங்க, போன ஜூலைல ஒரு பொண்ணு மழைல நனைஞ்ச கணக்கு நோட்டை ராத்திரி ஃபேனுக்குக் கீழ காய வெச்சு எடுத்துட்டு வந்துச்சுன்னு. பக்கமெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டு, டீச்சர் போட்ட சிகப்பு டிக் எல்லாம் கரைஞ்சு ரோஸ் கலர்ல வழிஞ்சிருந்துதாம். அந்த மாசம் அவ 11 நாள் லீவு, காய்ச்சல் இல்ல, குடை இல்ல. இத்தனை நல்ல விஷயத்தை மெசேஜ்ல விட்டுட்டு லெட்டர்ல போய் "கல்வி ஒரு ஒளிவிளக்கு"ன்னு எழுதியிருக்கீங்களே. லெட்டரோட முதல் வரி அந்த நோட்டுதான்.

அதோட 64 பசங்க, தாராவில எத்தனை லட்சம் பேர், அந்தப் புள்ளிவிவரம் எல்லாம் சேத்தா இன்னும் கனமா இருக்கும்னு தோணும். வேண்டாம். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக்னு மூணு பேர் 2007ல வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி இருக்கு. மாலி நாட்டுல ஒரு ஏழு வயசு பொண்ணைப் பத்தி மட்டும் சொல்லி ஒரு குரூப்புகிட்ட பணம் கேட்டாங்க, ஆப்பிரிக்காவுல இத்தனை லட்சம் பேர் பட்டினின்னு நம்பர் மட்டும் சொல்லி இன்னொரு குரூப்புகிட்ட கேட்டாங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் அதிகம் குடுத்தாங்க, அது எல்லாரும் எதிர்பாக்கறதுதான். மூணாவது குரூப்புக்கு அந்தப் பொண்ணு கதை, நம்பர் ரெண்டையும் சேத்துக் குடுத்தாங்க, அங்க பொண்ணு கதை மட்டும் சொன்னப்ப வந்ததை விடக் கம்மியா வந்துது. நம்பரைப் படிச்சதும் மனசு கணக்குப் போட ஆரம்பிச்சு கை இறுகிடுது. உங்க லெட்டர்ல 64ங்கற நம்பர் ஒரே ஒரு இடத்துல வரட்டும், அதுவும் எத்தனை செட் வேணும்னு சொல்றதுக்காக.

ஆனா ஒரு பிள்ளையைப் பத்தி எழுதறதுல ஒரு ஆபத்து இருக்கு, அதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சில வருஷம் முன்னாடி ஒரு டிரஸ்டுக்கு லெட்டர் எழுதினோம், உருக்கமா இருக்கணும்னு ஒரு பையன் வீட்டு நிலைமை, அப்பா குடி, அம்மா நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கறாங்கன்னு எல்லாம் போட்டுட்டோம், பேரை மாத்திட்டோம் அதனால பரவாயில்லன்னு நினைச்சோம். அந்த நாலு வீட்ல ஒரு வீட்டுக்கே அந்த லெட்டர் போயிடுச்சு. அந்த வீட்டு மாமி படிச்சுட்டு, அடுத்த நாள் காலைல சமையல்கட்டுல வெச்சு, "ஏம்மா, இது உன் பையன்தானே"ன்னு கேட்டிருக்காங்க. அந்த அம்மா அப்புறம் எங்க சென்டர் பக்கம் பையனை அனுப்பவே இல்ல. தூரத்து ஊருக்குப் போற லெட்டர்னா பேரை மாத்தினா போதும், உங்க கேஸ்ல குடுக்கறவங்களும் வாங்கறவங்களும் ரெண்டு ஸ்டேஷன் தூரத்துல இருக்காங்க, ஒருத்தர் வீட்ல இன்னொருத்தர் வேலை செய்யறாங்க. அதனால குடும்பக் கதையே வேண்டாம், நனைஞ்ச நோட்டு போதும். அதுக்கும் அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட லெட்டரை வாசிச்சுக் காட்டி சரின்னு சொன்னப்புறம் போடுங்க. போட்டோ வேணும்னா அந்த நோட்டை எடுத்துப் போடுங்க, முகம் வேண்டாம்.

இப்போ லெட்டர். நான் எழுதினா இப்படி இருக்கும், உங்க டீச்சர் பேச்சுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க:

"அன்புள்ள (பேர், கையெழுத்துல) அவர்களுக்கு,

வணக்கம். நான் தாராவியில் எங்கள் சின்ன ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு டீச்சர். போன ஜூலையில் என் வகுப்புப் பெண் ஒருத்தி கணக்கு நோட்டை நீட்டினாள். முதல் நாள் மழையில் பை நனைந்து, ராத்திரி முழுக்க ஃபேனுக்குக் கீழே காய வைத்திருக்கிறார்கள். பக்கமெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. நான் போட்ட சிகப்பு டிக்கெல்லாம் கரைந்து ரோஸ் நிறமாக வழிந்திருந்தது. அந்த மாதம் அவள் 11 நாள் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மழைக்கு ஒதுங்க வீட்டில் குடை இல்லை.

ஜூன் மாதம் ஸ்கூல் திறக்கும்போது ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு ரெயின்கோட், பைக்கு ஒரு கவர், பத்து லாங் நோட்டு, பென்சில் ரப்பர் குடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறோம். ஒரு பிள்ளைக்கு 750 ரூபாய் ஆகிறது. 64 செட் வேண்டும்.

உங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு 750 ரூபாய் தர முடியுமா? இரண்டு பிள்ளைக்கு என்றால் 1,500. நாங்கள் முனிசிபல் ஸ்கூல் இல்லை என்பதால் அங்கே கிடைக்கிற இலவச நோட்டும் ரெயின்கோட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு வருவதில்லை. செட்டெல்லாம் வாங்கியது போகப் பணம் மிஞ்சினால் அதை டீச்சர் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வோம்.

மே 31க்குள் வந்தால் மொத்தமாக வாங்கிவிடலாம். ஜூன் கடைசியில் எத்தனை செட் வாங்கினோம், பில் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

(டீச்சர் கையெழுத்து)

பி.கு. ஒரு நாள் காலையில் வந்து பாருங்கள், 8 மணிக்கு பிரேயர். நான் வாசலில்தான் நிற்பேன்."

அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள்ள முடிஞ்சுது. ஏன் இப்படி எழுதினேன்னு ஒண்ணு ரெண்டு சொல்லிடறேன். கையெழுத்து டீச்சரோடது, சேர்மனோடது இல்ல, நோட்டைப் பாத்தது அவங்கதான். முனிசிபல் ஸ்கூல் பத்தின வரி ஏன்னா, பிஎம்சி ஸ்கூல் பசங்களுக்கு நோட்டு, பை, ரெயின்கோட் எல்லாம் இலவசமாத் தர்றாங்கன்னு மும்பைல இருக்கிற எல்லாருக்கும் தெரியும், "இதெல்லாம் கவர்மென்ட்டே குடுக்குதே, இவங்க எதுக்குக் கேக்கறாங்க"ன்னு படிக்கும்போதே சந்தேகம் வரும், அதைத் தீக்காம விட்டா பணம் வராது. மிச்சமானா சம்பளத்துக்குன்னு போட்டதும் காரணமாத்தான். நோட்டுக்குன்னு சொல்லி வாங்கின பணத்தை பின்னாடி வாடகைக்குப் போட்டா குடுத்தவங்க முகத்துல முழிக்க முடியாது, ஆடிட்டரும் விட மாட்டார், முன்னாடியே சொல்லி வெச்சுட்டா தப்பில்ல. "ஒரு பிள்ளையைத் தத்தெடுங்கள்"னு மட்டும் எழுதிடாதீங்க, அப்புறம் "என் பிள்ளை எங்க, அவன் மார்க் என்ன"ன்னு வருவாங்க, ஒரு பையன் நடுவுல ஸ்கூலை விட்டு ஊருக்குப் போயிட்டான்னா நீங்க பதில் சொல்லணும்.

பி.கு.வை சும்மா ஒப்புக்கு எழுதாதீங்க. நானே பாத்திருக்கேன், கவரைப் பிரிச்சதும் நிறைய பேர் மேல அவங்க பேர், கீழ யார் கையெழுத்து, அதுக்கடில என்ன, இவ்வளவுதான் முதல்ல பாக்கறாங்க, நடுவுல இருக்கறது அப்புறம்தான்.

மொழி விஷயத்துலயும் ஒரு தப்பு நடந்திருக்கு. 200 பேருக்கும் தமிழ்ல மட்டும் அடிச்சிருக்கீங்க. மாட்டுங்கால பாலக்காட்டுக் குடும்பங்கள் எத்தனையோ, வீட்ல பேசறது தமிழ், ஆனா பெரியவங்க பல பேர் படிச்சது மலையாளம். இங்கயே பொறந்து வளந்த அடுத்த தலைமுறைக்கு தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது, அவங்கதான் ஜிபே பண்ற ஆளு. தமிழ் ஒரு பக்கம், அதே பேப்பரோட பின்பக்கம் இங்கிலீஷ், ரெண்டும் ஒரே விஷயமா இருக்கட்டும். பாட்டி தமிழ்ல படிச்சுட்டு பேரன்கிட்ட குடுக்க, அவன் திருப்பி இங்கிலீஷ்ல படிச்சுட்டு ஃபோனை எடுப்பான்.

அந்த ஃபோன்ல என்ன வருதுங்கறதுலதான் உங்க டிசம்பர் லெட்டர் நிறைய பேரை இழந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். லெட்டர்ல இருந்த கியூஆரை நானே ஸ்கேன் பண்ணிப் பாத்தேன், டிரஸ்ட் பேர் வரல, ஒரு ஆள் பேர் வருது, உங்க டிரஸ்டிகள்ல ஒருத்தரா இருக்கும். நம்ம ஊர்ல ஃப்ராட் பத்தி தினம் பேப்பர்ல வருது, தாராவி ஸ்கூலுக்குன்னு ஸ்கேன் பண்ணினா யாரோ ஒருத்தர் பேர் வந்தா எந்த மாமா பின் நம்பரை அடிப்பார்? அடிச்சாலும் அந்தப் பணம் டிரஸ்ட் வரவாவே கணக்குல ஏறாது, பர்சனல் அக்கவுண்ட்ல வந்து அங்கிருந்து மாறி வரும், அதுக்கு ரசீது போடறதே சிக்கல். டிரஸ்ட் அக்கவுண்ட் இருக்கற பேங்க் பிராஞ்சுலயே கேளுங்க, டிரஸ்ட் பேர்ல யூபிஐ கியூஆர் தருவாங்க. வந்ததும் ரெண்டு மூணு வேற வேற ஆப்ல ஸ்கேன் பண்ணி, ஒரு ரூபாய் அனுப்பி, என்ன பேர் காட்டுதுன்னு பாத்துட்டு அப்புறம் அச்சடிக்கக் குடுங்க. செக் எழுதறவங்களுக்கு டிரஸ்டோட முழுப் பேர், பாஸ்புக்ல இருக்கற அதே ஸ்பெல்லிங்.

இப்போ அந்த ரசீது சண்டை. நீங்க எழுதினதை வெச்சுப் பாத்தா அவர் பக்கம் நியாயம் இருக்கு. லெட்டர்ல "50% வரி விலக்கு உண்டு"ன்னு தடி எழுத்துல போட்டிருக்கீங்க, அவர் 6,000 குடுத்தார், 3,000 திரும்பி வரும்னு நினைச்சிருக்கார். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தர்ற 80ஜி பிரிவு அப்படி வேலை செய்யாது. 6,000ல பாதி, அதாவது 3,000 அவர் வருமானத்துல இருந்து கழியும், வரில இருந்து இல்ல. அவர் 20% ஸ்லாப்ல இருந்தா 600, செஸ் சேத்து 624 ரூபாய் மிச்சம், அவ்வளவுதான். அதுவும் பழைய வரி முறைல இருந்தாத்தான். புது முறைல 80ஜி கழிவே கிடையாது, இப்போ பென்ஷன்காரங்க நிறைய பேர் புது முறைக்கு மாறிட்டாங்க, அவங்களுக்கு இந்த 50% வாசகம் ஒரு பைசாவுக்குக்கூட பிரயோஜனம் இல்ல. வரியைக் காட்டி ஆள் பிடிக்க நினைச்சு, கடைசில ஏமாத்திட்டாங்கன்னு பேர் வாங்கியிருக்கீங்க.

ரெண்டாவது, நீங்க குடுத்த பேப்பர் ரசீது மட்டும் அவருக்குப் பத்தாது. டிரஸ்ட் வருஷம் முடிஞ்சதும் 10பிடிங்கற ஸ்டேட்மென்ட்டை வருமான வரி போர்ட்டல்ல மே 31க்குள்ள ஃபைல் பண்ணணும், அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் அங்கிருந்து டவுன்லோட் பண்ணி 10பிஇ சர்டிஃபிகேட் தரணும், அதுதான் அவர் ரிட்டர்ன்ல செல்லும். லேட் ஆனா ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம், அதுக்கு மேல அபராதமும் போடலாம், 64 பசங்க ஸ்கூலுக்கு அது பெரிய அடி. அந்த ஸ்டேட்மென்ட்ல குடுத்தவர் பேர், அட்ரஸ், பான் மாதிரி ஒரு அடையாள நம்பர் எல்லாம் வேணும், யூபிஐல பணம் போட்டவர்கிட்ட இருந்து உங்களுக்கு வர்றது பேரும் ஒரு ஐடியும்தான். அதனால லெட்டர் அடில ஒரு சின்ன வரி: "80ஜி ரசீது வேணும்னா பேர், அட்ரஸ், பான் நம்பரை இந்த வாட்சப் நம்பருக்கு அனுப்புங்க. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் கழிவு கிடைக்கும்." இதுக்கு மேல வரி பத்தி லெட்டர்ல ஒரு வார்த்தை வேண்டாம். ரொக்கமா 2,000க்கு மேல குடுத்தா அதுக்குக் கழிவு கிடையாது, நோட்டு, ரெயின்கோட்டுன்னு பொருளாக் குடுத்தாலும் கிடையாது, இதை ஃபோன் எடுக்கற ஆளுக்கு சொல்லி வையுங்க. 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம், செக்ஷன் நம்பரெல்லாம் வேற, அதனால அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியை மட்டும் ஆடிட்டர்கிட்ட காட்டிடுங்க.

இன்னொரு இடத்துல கண்டிப்பா மாட்டுவீங்க, முன்னாடியே சொல்லிடறேன். மாமி லெட்டரைப் போட்டோ எடுத்து நியூஜெர்சில இருக்கற பையனுக்கு அனுப்புவாங்க, அவன் "அம்மா, நான் 50 செட்டுக்குப் போடறேன்"பான். சந்தோஷத்துல அக்கவுண்ட் நம்பரைக் குடுத்துடாதீங்க. அவன் கைல இருக்கறது இன்னும் இந்தியன் பாஸ்போர்ட்னா, கிரீன் கார்டு இருந்தாலும் சரி, தன் சொந்தப் பணத்தை முறையான பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைன்னு ஆகாது, பாஸ்போர்ட் காப்பி ஒண்ணு வாங்கி ஃபைல் பண்ணிக்குங்க. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்டான்னா, ஓசிஐ கார்டு இருந்தாலும், அவன் பணம் வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத டிரஸ்ட் அதைத் தொடவே கூடாது. உங்களுக்கு அந்தப் பதிவு இல்லன்னு எழுதியிருக்கீங்க. "என் அம்மா அக்கவுண்ட்டுக்கு அனுப்பறேன், அங்கிருந்து வாங்கிக்குங்க"ன்னு சொல்வான், அந்த சுத்து வழி வேண்டவே வேண்டாம். நன்றி சொல்லி, ஊருக்கு வரும்போது ஸ்கூலுக்கு வந்து பாருன்னு கூப்பிடுங்க, போதும்.

யாருக்கு, எப்போ அனுப்பறது. மே மாசம் மாட்டுங்கா பில்டிங்ல பாதி கதவு பூட்டியிருக்கும், எல்லாரும் ஊருக்குப் போயிருப்பாங்க, கவர் கீழ லெட்டர் பாக்ஸ்ல கேபிள்காரன் நோட்டீஸோட நோட்டீஸா கிடக்கும். ஏப்ரல் 5ல இருந்து 20க்குள்ள போய்ச் சேரணும், பென்ஷன் வந்த கையோட. 200 பேருக்கும் ஒரே நாள்ல போடாதீங்க. முதல்ல அந்த 9 பேர், அப்புறம் உங்க டிரஸ்டிகளுக்கும் டீச்சர்களுக்கும் பேர் சொன்னா தெரியற ஒரு 40 பேர், இவங்களுக்குக் கையால எழுதின கவர், முடிஞ்சா கைல கொண்டு போய்க் குடுங்க. செட்டா நகர் முருகன் கோயில்ல, மாட்டுங்கா பஜனை சமாஜ்ல எல்லாம் பாக்கற முகம்தானே. பில்டிங்ல வாட்ச்மேன் உள்ள விட மாட்டான், அங்கயே குடியிருக்கற ஒருத்தர் மூலமா குடுத்தாத்தான் வீட்டுக்குள்ள போகும். இந்த 49 பேர்கிட்ட இருந்து எவ்வளவு வந்துதுன்னு பாத்துட்டு, மிச்சப் பேருக்குப் போற லெட்டர்ல "64ல 27 செட் சேர்ந்துவிட்டது, இன்னும் 37"னு நிஜமான நம்பரைப் போடலாம். பாதி ஏறின பஸ்ல ஏற யாரும் யோசிக்க மாட்டாங்க, காலி பஸ்னாதான் இது கிளம்புமான்னு கேப்பாங்க.

இன்னொரு லிஸ்ட் உங்ககிட்ட இருக்கு, அதை நீங்க யோசிக்கவே இல்லன்னு நினைக்கிறேன். உங்க ஸ்கூல்ல படிச்சு, இப்போ கல்யாண், காஞ்சூர்மார்க், நவி மும்பைன்னு ஃப்ளாட் வாங்கிட்டுப் போன குடும்பங்கள். பழைய அட்மிஷன் ரெஜிஸ்டரை எடுங்க, ஃபோன் நம்பர் மாறியிருக்கும், ஆனா தாராவில ஒருத்தர்கிட்ட கேட்டா எல்லார் நம்பரும் கிடைக்கும். நான் வேலை பாத்த ஒரு டிரஸ்ட்ல, மாட்டுங்கா லிஸ்டை விட இந்த லிஸ்ட்தான் சீக்கிரம் பதில் குடுத்துது, தொகை சின்னது, ஆனா கேள்வியே கேக்கல, ஒரு இட்லிக்கார அண்ணாச்சி நாலு செட்டுக்கு ரொக்கமா எண்ணி வெச்சுட்டு ரசீதுகூட வேண்டாம்னார். அவருக்கும் ரசீது போட்டுக் குடுங்க, பேர் இல்லாத பணம் டிரஸ்டுக்கு நல்லதில்ல.

பணம் வந்த ரெண்டு நாளுக்குள்ள டீச்சரே ஒரு ஃபோன், ஒரு நிமிஷம் போதும், "உங்க 750 வந்துடுச்சு மாமி, 31வது செட்"னு. ஜூன் கடைசில பில் போட்டோவும், அடுக்கி வெச்ச நோட்டு போட்டோவும். நடுவுல வேற எதுவும் கேக்காதீங்க. இதைச் சரியாப் பண்ணினாத்தான் தீபாவளிக்கு "மாசம் 500 டீச்சருக்கு"ன்னு கேக்கற லெட்டருக்கு இடம் இருக்கும்.

அந்த 6,000 குடுத்தவருக்கு லெட்டர் போடறதுக்கு முன்னாடி ஆடிட்டரைப் பாத்து போன வருஷத்து 10பிடில அவர் பேரைச் சேத்து மே 31க்குள்ள ஃபைல் பண்ண வழி பாருங்க. அவருக்கு நேர்ல போய், 50%ன்னு நாங்க எழுதினது தப்பு, 10பிஇ இந்தத் தேதிக்குள்ள கைல தரோம்னு சொல்லிட்டு வாங்க. அப்போ புது லெட்டரைக் கைல குடுக்காதீங்க. சர்டிஃபிகேட்டைக் கொண்டு போய்க் குடுக்கும்போது அவரே கேப்பார், இந்த வருஷம் என்ன பண்றீங்கன்னு.